முதல் சம்பளமும் 50-30-20 படங்களும்

கொஞ்ச நாளாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு படத்தொகுப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் எட்டுப் படங்கள். "முதல் சம்பளம் வாங்கிவிட்டீர்களா? இப்படிப் பிரியுங்கள்" என்று தொடங்குகிறது. சம்பளத்தில் 50 வீதம் தேவைக்கு, 30 வீதம் விருப்பத்துக்கு, 20 வீதம் சேமிப்புக்கு. உதாரணத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சம்பளத்தை எடுத்து, 50,000, 30,000, 20,000 என்று மூன்று வண்ணத்தில் அழகாக வரைந்திருக்கிறார்கள்.

குருவிட்டயில் நான் படிப்பித்த பிள்ளைகள் பலர் இப்போது முதல் சம்பளம் வாங்கும் வயதில் இருக்கிறார்கள். கார்மென்ட், கடை, இரத்தினபுரியில் ஒரு கிளினிக், கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட் என்று ஆளுக்கொரு இடம். அவர்களில் ஒரு பிள்ளை அந்தப் படங்களை எனக்கு அனுப்பி, "டீச்சர், இதுபடி கணக்குப் போட்டேன், சரியா?" என்று கேட்டாள். சம்பளச் சீட்டையும் அனுப்பியிருந்தாள். அவளுடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

முதலில், இந்த 50-30-20 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவருடைய மகள் அமேலியா வாரன் தியாகியும் 2005இல் எழுதிய ஒரு புத்தகத்தில் வந்த கணக்கு இது. எலிசபெத் வாரன் பிற்காலத்தில் செனட்டர் ஆனவர். அப்போது ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். கடனில் மூழ்கி வங்குரோத்து அடைந்த குடும்பங்களைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்தவர். அந்தக் குடும்பங்கள் விழுந்ததற்குக் காரணம் ஊதாரித்தனம் என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக் கடன், வாகனத் தவணை, காப்புறுதி என்று மாதாமாதம் கட்டியே ஆக வேண்டிய தொகைகள் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கியிருந்தன. ஒரு வேலை போனதும், ஒரு நோய் வந்ததும், குறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. அதனால்தான் கட்டாயச் செலவு பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதாவது அந்தக் கணக்கின் உயிர் 50 என்ற எண்ணில் இருக்கிறது. 30 வீதத்தைச் செலவழித்தே தீர வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஆனால் எட்டுப் படங்களைப் பார்த்த எங்கள் பிள்ளையின் கண்ணில் பட்டது அந்த 30தான். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவளுடைய சம்பளச் சீட்டைப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 32,000. நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியில் 30,000 ஆகவும் உயர்ந்தது. அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு நாளும் லீவு எடுக்காததற்கு வருகைக் கொடுப்பனவு 3,000. ஓ.டீ. 6,400. எல்லாம் சேர்த்து 41,400. இதில் ஈ.பி.எஃப். என்று நாம் சொல்லும் ஊழியர் சேமலாப நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 8 வீதம், 2,560 கழிகிறது. சாப்பாட்டுக்கு 1,240. கைக்கு வருவது 37,600.

அவள் 41,400ஐ மூன்றாகப் பிரித்திருந்தாள். தேவைக்கு 20,700, விருப்பத்துக்கு 12,420, சேமிப்புக்கு 8,280. வாரனின் கணக்கு கைக்கு வரும் சம்பளத்தில்தான் தொடங்குகிறது. படத்தில் "சம்பளம்" என்று மட்டும் இருந்ததால் அவள் மேலே இருந்த பெரிய எண்ணை எடுத்துக்கொண்டாள். இது சின்ன விசயம், திருத்திவிடலாம். பெரிய விசயத்தைச் சுட்டிக்காட்டியது அவளுடைய அம்மா.

கணக்குப் பார்க்க இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். நான் 37,600 என்று எழுதியதும் அவர் கேட்டார்: "டீச்சர், ஓ.டீ. இல்லாத மாசம் என்ன செய்யிறது? எங்களுக்குப் பேர் விழுந்த நாளைத்தான் நாங்க கணக்குல வைப்போம். கூடுதல் கொழுந்துக் காசு கைக்கு வந்தாத்தான் காசு. அதை நம்பிக் கடையில கடன் சொல்ல மாட்டோம்."

நிறை குறைந்தால் அரைப்பேர், மழை என்றால் அதுவும் இல்லை என்று வாழ்ந்தவருக்கு இது தெரிகிறது. மாதச் சம்பளம் வாங்கும் மகளுக்குத் தன் சம்பளத்திலும் ஒரு "கூடுதல் கொழுந்து" இருப்பது தெரியவில்லை. ஓ.டீ. தொழிற்சாலைக்கு வரும் ஓடரைப் பொறுத்தது. எங்கள் கார்மென்ட்களின் பெரிய சந்தைகளில் ஒன்று அமெரிக்கா. 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அங்கே அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பயம் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஓகஸ்டில் அது 20 வீதத்துக்கு இறங்கியது. எங்கோ எடுக்கும் ஒரு முடிவு குருவிட்டயில் ஒரு பிள்ளையின் ஓ.டீ.யைத் தொடுகிறது. வருகைக் கொடுப்பனவும் அப்படித்தான். ஒரு நாள் காய்ச்சல் வந்தால் 3,000 போகிறது.

ஆகவே அம்மா சொன்னபடியே செய்தோம். 32,000இலிருந்து ஈ.பி.எஃப்.பையும் சாப்பாட்டையும் கழித்தால் 28,200. இதுதான் உறுதியான காசு. மிச்சம் 9,400 கூடுதல் கொழுந்து. இரண்டையும் இரண்டு வரியில் எழுதினோம்.

அடுத்தது, தேவை எது, விருப்பம் எது என்ற கேள்வி. படத்தில் தேவைக்குக் கீழே வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று இருந்தது. வீட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு அதில் இடமே இல்லை. தனியாக வாழும் ஒருவரை நினைத்துச் செய்த படம் அது. எங்களுக்குள் முதல் சம்பளம் ஒருவருடையது அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்கு 12,000 கொடுக்கிறாள். அரிசி, மின்சாரம் எல்லாம் அதில் அடங்கும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்து தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க மாதம் 2,400. தம்பியின் டியூஷன் 3,000. அப்பாவின் வருத்தத்துக்கு அம்மாவின் மாலையை ஒரு லட்சத்துக்கு அடகு வைத்திருக்கிறார்கள். அதற்கு மாதம் 1,500 வட்டி. ரீலோட் 1,000. சோப்பு, மருந்து, பெண்பிள்ளைக்கு வேண்டிய சாமான் 1,800. மொத்தம் 21,700.

உறுதியான 28,200இல் இது 77 வீதம். படம் சொன்ன பாதியை விட எவ்வளவோ அதிகம். இதைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது, தான் ஏதோ தவறு செய்த மாதிரி. இதில் வெட்டுவதற்கு ஒரு வரியும் இல்லை. சம்பளம் குறைவாக இருந்தால் தேவையின் வீதம் கூடத்தான் செய்யும். அரிசியின் விலை சம்பளத்தைப் பார்த்து இறங்குவதில்லை. ஒரு லட்சம் வாங்குபவருக்கும் முப்பதாயிரம் வாங்குபவருக்கும் ஒரே வீதத்தைச் சொல்வதுதான் அந்தப் படத்தின் குறை.

இனி அந்த 30 வீதத்துக்கு வருகிறேன். அவள் அந்தப் படங்களை எனக்கு அனுப்பியதற்குக் காரணம் ஒரு போன். கடையில் ரொக்கத்துக்கு 78,000. தவணைக்கு எடுத்தால் மாதம் 7,800 வீதம் 12 மாதம். விருப்பத்துக்கு 12,420 இருக்கிறது, போன் 7,800தான், அப்படியென்றால் எடுக்கலாம்தானே என்பது அவளுடைய கணக்கு. படத்தில் விருப்பம் என்ற பெட்டிக்குள் ஒரு போனின் சின்னப் படமும் இருந்தது.

பன்னிரண்டு தவணையைப் பெருக்கினால் 93,600. ரொக்க விலையை விட 15,600 கூட. இரண்டு தவணைக் காசு சும்மா போகிறது. ஆனால் அதைவிட முக்கியமான விசயம் வேறு. வாரனின் கணக்கில் தேவையைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு. நாளைக்கு வேலை போனால் இந்தச் செலவை நிறுத்த முடியுமா? நிறுத்த முடிந்தால் விருப்பம். நிறுத்த முடியாவிட்டால் அது கட்டாயச் செலவு. கையெழுத்து வைத்த தவணைகளையும் அவர் கட்டாயத்தோடுதான் சேர்க்கிறார். கடையில் நிற்கும்போது போன் விருப்பம். தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்த நிமிடத்திலிருந்து அது அரிசியோடும் அடகு வட்டியோடும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

அவளிடமே கூட்டச் சொன்னேன். 21,700உம் 7,800உம் 29,500. உறுதியான காசு 28,200. ஓ.டீ. இல்லாமல், ஒரு நாள் லீவும் விழுந்த மாதத்தில் 1,300 குறைகிறது. அந்த 1,300ஐ எங்கே எடுப்பாள்? ஒன்றில் தம்பியின் டியூஷன் நிற்கும். அல்லது மாலையின் வட்டி நிற்கும். வட்டியும் கட்டாமல், காலம் முடியும்போது புதுப்பிக்கவும் இல்லாமல் விட்டால் அடகு நகை ஏலத்துக்குப் போகும். ஒரு போனுக்கும் அம்மாவின் மாலைக்கும் தொடர்பு இருப்பதை எட்டுப் படங்களில் ஒன்றும் காட்டவில்லை.

"அப்ப போன் வாங்கவே கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வாங்கலாம் மகள். கையெழுத்து வைக்காமல் வாங்கலாம்" என்றேன்.

பிறகு மிச்சத்தைப் பிரித்தோம். உறுதியான காசில் தேவை போக 6,500 இருக்கிறது. அதில் 2,500 சம்பளம் வந்த அன்றே வங்கியில் வேறு கணக்குக்கு. 4,000 அவளுடைய விருப்பத்துக்கு. ஓ.டீ.யும் வருகைக் கொடுப்பனவும் வந்தால் அந்த 9,400ஐப் பாதியாகப் பிரிக்க வேண்டும். 4,700 மாலையை மீட்பதற்கு, 4,700 விருப்பத்தோடு சேரும்.

மாலைக்குக் கட்டுவதை ஏன் சேமிப்பில் போடுகிறோம் என்று அவள் கேட்டாள். வட்டி மட்டும் கட்டினால் வருடத்துக்கு 18,000 போகிறது, ஒரு லட்சம் ஒரு லட்சமாகவே நிற்கிறது. முதலில் 4,700 குறைத்தால் அடுத்த மாத வட்டியும் குறைகிறது. எனவேதான் கட்டாயத் தொகைக்கு மேல் கடனுக்குக் கட்டுவதை வாரனும் அந்த 20 வீதத்துக்குள் சேர்க்கிறார். பெரும்பாலான வங்கி அடகுப் பிரிவுகளில் முதலைப் பகுதி பகுதியாகக் கட்டலாம். நீங்கள் வைத்த இடத்தில் அப்படி எடுப்பார்களா என்று கேட்டு, கட்டிய தொகையைப் பற்றுச்சீட்டில் "முதல்" என்று தனியாகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். ஓ.டீ. ஒழுங்காக வந்தால் இரண்டு வருடத்துக்குள் மாலை வீட்டுக்கு வந்துவிடும்.

வங்கியில் போடும் 2,500 ஒன்பது மாதத்தில் 22,500 ஆகும். அது வீட்டின் ஒரு மாதக் கட்டாயச் செலவுக்குப் போதும். அதுவரை சீட்டில் சேர வேண்டாம் என்றேன். வேலைத்தளத்தில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 2,500 சீட்டு ஒன்று பிடிக்கிறார்களாம். கழிவு இல்லாத சீட்டு நல்லதுதான். முதலாவதாக எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசியாக எடுப்பவருக்குச் சேமிப்பு. ஆனால் நடுவில் வருத்தம் வந்தால் சீட்டிலிருந்து காசு எடுக்க முடியாது, கட்டாமல் விடவும் முடியாது. மேலே சொன்ன அதே சோதனையில் சீட்டும் கட்டாயச் செலவாகிவிடுகிறது. ஒரு மாதக் காசு வங்கியில் இருந்தால் மட்டும் சேரலாம். வங்கி வட்டியை விரும்பாத எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கணக்குகளும் இருக்கின்றன. சேமிக்காமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாகாது.

இப்போது வீதத்தைப் பார்த்தோம். கூடுதல் காசு இல்லாத மாதத்தில் தேவை 77, விருப்பம் 14, சேமிப்பு 9. எல்லாம் வந்த மாதத்தில் 37,600இல் தேவை 58, விருப்பம் 23, சேமிப்பு 19. ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஒரே ஒழுங்கு. ஓ.டீ. வந்தால் படத்தின் எண்களுக்குப் பக்கத்தில் போகிறாள், வராவிட்டால் தூரத்தில் நிற்கிறாள். இரண்டு மாதத்திலும் வீட்டில் அடுப்பு எரிகிறது, டியூஷன் நிற்கவில்லை. வீதம் எத்தனை என்று பார்ப்பதை விட, மோசமான மாதத்திலும் கணக்கு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

சம்பளச் சீட்டில் இன்னொரு வரி இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கழிவு என்று மட்டும் நினைக்கிறார்கள். ஈ.பி.எஃப்.புக்கு அவளிடம் 2,560 எடுக்கும்போது, முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதம், 3,840 போட வேண்டும். ஈ.டி.எஃப்.புக்கு இன்னும் 3 வீதம், 960. ஆக மாதம் 7,360 அவள் பெயரில் போய்ச் சேருகிறது. படம் சொன்ன சேமிப்புக்குக் கிட்டத்தட்டச் சமனான தொகை. ஆனால் ஈ.பி.எஃப்.பைப் பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில்தான் எடுக்கலாம். அப்பாவுக்கு நாளைக்கு வருத்தம் என்றால் உதவாது. அதனால்தான் வங்கியில் அந்த 2,500 வேறாக வேண்டும்.

முதல் சம்பளம் வாங்கிய மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சீட்டில் உங்கள் ஈ.பி.எஃப். உறுப்பினர் இலக்கம் இருக்கிறதா, அதில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ளதுபோல் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் தோட்டப் பகுதிகளில் எத்தனை பெரியவர்கள் முப்பது வருடம் உழைத்துவிட்டு, செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று சத்தியக் கடதாசிக்கும் தொழில் திணைக்களத்துக்கும் அலைந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அறுபது வயதில் திருத்துவது கஷ்டம். இருபது வயதில் அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்தால் முடிந்துவிடும். சம்பளத்தில் கழித்த காசு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று வருடத்துக்கு ஒருமுறையாவது நிலுவையைக் கேட்டுப் பார்ப்பதும் உங்கள் வேலைதான். கழித்துவிட்டுக் கட்டாமல் விடும் இடங்களும் உண்டு. சீட்டில் கழிவு இருந்தும் நிலுவையில் அந்த மாதம் இல்லாவிட்டால், சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். எனவே சம்பளச் சீட்டு ஒன்றையும் வீசாதீர்கள்.

கடைசியாக அம்மா ஒரு விசயம் சொன்னார். அவருடைய காலத்தில் சம்பளத்தை முழுதாக வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் காசைக் கேட்டு வாங்குவார்களாம். "இவ பன்னிரண்டாயிரம்னு கணக்காத் தர்றது எனக்கு முதல்ல ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சி. ஆனா இப்ப எனக்கும் எவ்வளவு வரும்னு தெரியுது. கடைக்காரருகிட்ட சொல்ல முடியுது." வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது பாசத்தைக் குறைப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அந்தத் தொகை நிச்சயமாக வந்தால் அதை நம்பி வீட்டில் உள்ளவர்களும் திட்டமிடலாம்.

மூன்று மாதமாக அவள் இப்படித்தான் செய்கிறாள். அதில் ஒரு மாதம் ஓ.டீ. வெறும் 1,800தான் வந்ததாம். கணக்கு நின்றது. போனுக்கு இப்போது 48,000 ரூபாய் மொடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாள், ரொக்கத்துக்கு.

முதல் சம்பளம் வாங்கிய பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர், யாருக்காவது தங்கள் சீட்டை இப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள். சம்பளச் சீட்டையும் அடகுப் பற்றுச்சீட்டையும் எடுத்து வாருங்கள். தவணைப் பத்திரம் ஏதும் இருந்தால், கையெழுத்து வைக்க முன்னமே கொண்டு வாருங்கள்.